1934இல் எழுதியவர் 1962க்குப் பதில் சொன்னாரா? மொழிபெயர்ப்பு நூல்களை மேற்கோள் காட்டுவது பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

குழந்தைகள் விளையாடும்போதும் ஏதாவது செய்துகொண்டிருக்கும்போதும் தமக்குத் தாமே பேசிக்கொள்வதைப் பற்றி ஒரு ஆய்வாளர் தமிழில் முனைவர் பட்ட ஆய்வேடு எழுதினார். கல்வி உளவியலில் இதைத் தன்மையப் பேச்சு என்கிறார்கள். இந்தத் தலைப்பை எடுப்பவர்கள் இரண்டு பேரைத் தவிர்க்க முடியாது. ஒருவர் பிரெஞ்சில் எழுதிய ழான் பியாஜே, மற்றவர் ரஷ்ய மொழியில் எழுதிய லெவ் வைகாட்ஸ்கி. ஆய்வாளருக்கு இரண்டு மொழிகளும் தெரியாது. இருவரையும் ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் படித்திருந்தார். அதில் தவறேதும் இல்லை, பெரும்பாலானோர் அப்படித்தான் படிக்கிறார்கள்.

ஆய்வேட்டின் முன்வரைவு முடிந்ததும், மேற்கோள்களையும் துணைநூற்பட்டியலையும் சரிபார்ப்பதற்காக அது என்னிடம் வந்தது. துறை கேட்டிருந்தது ஏபிஏ முறையின் 7ஆம் பதிப்பு. காற்புள்ளி, சாய்வெழுத்து, அடைப்புக்குறி எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் பட்டியலில் இருந்த ஒரு சிறு குறை ஆய்வேட்டின் இரண்டாம் இயல் முழுவதையும் தலைகீழாகப் புரட்டியிருந்தது. அந்தக் குறையையும், அதைச் சரிசெய்தபோது எடுத்த முடிவுகளையும் இங்கே பதிவு செய்கிறேன். ஆய்வாளரும் நெறியாளரும் இதை எழுத ஒப்புக்கொண்டார்கள். இருவரின் பெயரும் வேண்டாம் என்பது அவர்கள் விருப்பம்.

வரைவில் தெரிந்தது

துணைநூற்பட்டியலில் பியாஜேவின் பெயரில் 1959, 1962 என இரண்டு பதிவுகள் இருந்தன. வைகாட்ஸ்கியின் பெயரில் 1962, 1978, 1986 என மூன்று. ஐந்திலும் மொழிபெயர்ப்பாளர் பெயர் கிடையாது, மூல ஆண்டும் கிடையாது. ஆசிரியர் பெயர், ஆண்டு, நூற்பெயர், பதிப்பகம் என்று முடிந்திருந்தன. வைகாட்ஸ்கி 1986இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதி வெளியிட்டார் என்றே இதைப் பார்ப்பவர் நினைப்பார்.

இதுவரை பார்த்தால் இது வெறும் வடிவக் குறை. இரண்டாம் இயலைப் படித்த பிறகுதான் அதன் விளைவு தெரிந்தது. முன் ஆய்வுகளைக் கால வரிசையில் சொல்லும் அந்த இயல் இப்படிப் போயிற்று: பியாஜே 1959இல் தன்மையப் பேச்சுக் கருத்தை முன்வைத்தார். வைகாட்ஸ்கி 1962இல் அதை மறுத்தார். பியாஜே அதே ஆண்டிலேயே விளக்கம் கொடுத்து, பல இடங்களில் உடன்பாடும் தெரிவித்தார். அப்படியிருந்தும் வைகாட்ஸ்கி 1986இல் தம் மறுப்பை இன்னும் விரிவாகத் திரும்ப எழுதினார். ஆகவே இந்த விவாதம் இருபதாண்டுகளுக்கு மேலாகத் தீராமல் நீடித்தது, வைகாட்ஸ்கி எதிர்த்தரப்பின் விளக்கத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. இதை ஒரு முடிவாகவே எழுதி, ஆய்வேட்டின் தேவையை அதன்மேல் நிறுவியிருந்தார் ஆய்வாளர்.

வைகாட்ஸ்கி 1934 ஜூனில் இறந்துவிட்டார்.

அதற்காக ஆய்வாளரை அறியாதவர் என்று சொல்லிவிட முடியாது. இரண்டு பேரின் கருத்துகளையும் அவர் நன்றாகவே விளங்கிக்கொண்டிருந்தார். பியாஜேவின் பார்வையில் குழந்தை பிறரோடு பழகப் பழகத் தன்மையப் பேச்சு மறைந்துபோகிறது, வைகாட்ஸ்கியின் பார்வையில் அது மறையாமல் உள்ளே போய் அகப் பேச்சாகிறது. இந்த வேறுபாட்டை வரைவு தெளிவாகவே சொல்லியிருந்தது. பிழை புகுந்த இடம் வேறு. படித்த நூல்களையெல்லாம் அவர் ஒரு அட்டவணையில் பதிந்து வைத்திருந்தார். அதில் ஆண்டுக்கு ஒரே ஒரு பத்திதான் இருந்தது. கையில் இருந்த பிரதி எந்த ஆண்டைச் சொன்னதோ அதை அதில் எழுதினார். இயலை எழுத உட்கார்ந்தபோது அந்தப் பத்தியை ஏறுவரிசையில் அடுக்கினார். அடுக்கிய வரிசைதான் அப்படியே வரலாறாகிவிட்டது.

நூல்களைக் கையில் எடுத்துப் பார்த்தபோது

ஐந்து பதிவுகளுக்கும் உரிய நூல்களின் தலைப்புப் பக்கம், அதன் பின்பக்கம், முன்னுரைகள் ஆகியவற்றைப் படமெடுத்து அனுப்பும்படி ஆய்வாளரிடம் கேட்டேன். மேலட்டையை நம்ப முடியாது, இணையக் கடைகளின் விவரக் குறிப்பை அதைவிடவும் நம்ப முடியாது. யார் மொழிபெயர்த்தார், எதிலிருந்து மொழிபெயர்த்தார், மூலம் எப்போது வந்தது என்பவை தலைப்புப் பக்கத்திலோ அதன் பின்பக்கத்திலோ இருக்கும். அங்கே இல்லாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் முன்னுரையில் நிச்சயம் தேடிப் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்ததில் கிடைத்த படம் இதுதான். பியாஜேவின் 1959 நூல், அவர் 1923இல் பிரெஞ்சில் வெளியிட்ட நூலின் ஆங்கிலப் பதிப்பு. திருத்தி விரிவாக்கிய மூன்றாம் பதிப்பு அது, மொழிபெயர்த்தவர்கள் மார்ஜோரி கபெய்னும் ரூத் கபெய்னும். பியாஜேவின் 1923, 1924 நூல்கள் இரண்டும் 1932இல் ரஷ்ய மொழியில் வந்தபோது அதற்கு முன்னுரை எழுதியவர் வைகாட்ஸ்கி. மறுப்பு அந்த முன்னுரையில்தான் இருக்கிறது. பிறகு 1934இல் வெளிவந்த தம் நூலில் அதையே இரண்டாம் இயலாக வைத்தார். அந்த 1934 நூலை யூஜீனியா ஹான்ஃப்மனும் கெர்ட்ரூட் வாக்கரும் ஆங்கிலத்தில் சுருக்கி மொழிபெயர்த்து 1962இல் கொண்டுவந்தார்கள். பியாஜேவின் விளக்கம் அந்த வெளியீட்டோடு சேர்த்துத் தனிச் சிறுநூலாக வந்தது. இறந்துவிட்ட ஒரு சகாவின் நூலை, அது வெளியாகி இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துக் காண நேர்ந்த வருத்தத்தைச் சொல்லித்தான் பியாஜே அதைத் தொடங்குகிறார். முதல் வரியிலேயே கால வரிசை இருந்திருக்கிறது!

1986 நூல் இன்னொரு நூல் அல்ல. அதே 1934 நூலின் ஆங்கில வடிவத்தை அலெக்ஸ் கோசுலின் திருத்திப் பதிப்பித்தது. 1962இல் சுருக்கத்துக்காக விடப்பட்ட பகுதிகள் பல இதில் திரும்பச் சேர்க்கப்பட்டன. ஆய்வாளர் ‘1986இல் விரிவாகத் திரும்ப எழுதினார்’ என்று சொன்னதற்குக் காரணம் இங்கேதான் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்து, பின்னதில் கூடுதலாக இருந்ததை ஆசிரியரின் வளர்ச்சி என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். உண்மையில் அது மொழிபெயர்ப்பாளர்கள் விட்டதும் பதிப்பாசிரியர் சேர்த்ததும். மொழிபெயர்ப்பாளர் பெயர் பதிவில் இருந்திருந்தால், வேறு கைகள் வேலை செய்திருக்கின்றன என்ற சந்தேகமாவது வந்திருக்கும்.

ஆக உண்மையான வரிசை 1923, 1932, 1934, 1962. வரைவில் இருந்ததோ 1959, 1962, 1962, 1986. ஒரு மறுப்பும், முப்பதாண்டுகள் கழித்து அதற்குக் கிடைத்த ஒரு பதிலும்தான் நடந்தவை. தீராத விவாதம் என்று எதுவும் இல்லை.

எந்த ஆண்டைக் காட்டுவது

பிரச்சினையைச் சொன்னதும் நெறியாளர் உடனே ஒரு வழி சொன்னார். ‘எல்லா இடத்திலும் 1934 என்று மாற்றிவிட்டால் முடிந்தது, குழப்பமே இருக்காது.’ கேட்க எளிதாகத்தான் இருந்தது. ஆனால் நான் ஒப்புக்கொள்ளவில்லை. மேற்கோள் என்பது வாசகர் போய்ச் சரிபார்க்கக்கூடிய இடத்தைக் காட்டுவது. 1934 என்று போட்டுப் பக்க எண்ணும் கொடுத்தால், அந்தப் பக்கம் 1934இன் ரஷ்ய நூலில் இருக்காது. அதோடு, ஆய்வாளர் ரஷ்ய மூலத்தையே படித்தார் என்ற தோற்றமும் வந்துவிடும், அது உண்மையில்லை. படித்தது ஆங்கிலப் பதிப்பு என்றால் அந்தப் பதிப்பின் ஆண்டுதான் பதிவின் முதன்மை ஆண்டு.

ஏபிஏ முறை இரண்டு தேவைகளையும் சேர்த்தே பார்க்கிறது. துணைநூற்பட்டியலில் ஆசிரியர் பெயருக்கு அடுத்துக் கையில் உள்ள மொழிபெயர்ப்பின் ஆண்டு வரும். நூற்பெயருக்குப் பின் அடைப்புக்குறிக்குள் மொழிபெயர்ப்பாளர் பெயர் வரும். கடைசியில், பதிப்பகத்துக்குப் பிறகு, மூல ஆண்டு இன்னொரு அடைப்புக்குறிக்குள் வரும். அந்தக் கடைசி அடைப்புக்குறிக்குப் பின் முற்றுப்புள்ளி கிடையாது. 1962 பதிப்புக்கு நாங்கள் எழுதிய பதிவு:

```
Vygotsky, L. S. (1962). Thought and language
(E. Hanfmann & G. Vakar, Eds. & Trans.).
MIT Press. (Original work published 1934)
```

மொழிபெயர்ப்பாளர் பெயரில் தலைப்பெழுத்து முன்னால் வருவதைக் கவனிக்கலாம். ஆசிரியர் பெயரைத்தான் குடும்பப் பெயர் முதலில் வருமாறு திருப்பி எழுதுகிறோம், ஏனென்றால் பட்டியல் அதை வைத்து அகரவரிசைப்படுகிறது. மொழிபெயர்ப்பாளர் பெயர் அடைப்புக்குறிக்குள் இருப்பதால் திருப்ப வேண்டியதில்லை.

உடற்பகுதியில் இரண்டு ஆண்டுகளும் சாய்கோட்டோடு வரும். மூல ஆண்டு முன்னால், மொழிபெயர்ப்பு ஆண்டு பின்னால்: (வைகாட்ஸ்கி, 1934/1962). பக்க எண் சேர்த்தால் அது பின்னால் உள்ள ஆண்டின் பதிப்புக்கு உரியது. ஆய்வாளரின் இரண்டாம் இயலைக் காப்பாற்றியது இந்தச் சாய்கோடுதான் என்று சொல்வேன். பழைய வரைவில் (பியாஜே, 1959), (வைகாட்ஸ்கி, 1962), (வைகாட்ஸ்கி, 1986) என்று இருந்தவை (பியாஜே, 1923/1959), (வைகாட்ஸ்கி, 1934/1962), (வைகாட்ஸ்கி, 1934/1986) என்று மாறியதும், கடைசி இரண்டும் ஒரே நூல் என்பது எழுதியவருக்கே பட்டென்று தெரிந்தது.

வேறு முறைகளைப் பின்பற்றுவோருக்காக ஒன்று. சிகாகோவின் ஆசிரியர்–ஆண்டு முறையிலும் மூல ஆண்டைக் காட்டலாம், அது சதுர அடைப்புக்குறிக்குள் முதலில் வரும்: (வைகாட்ஸ்கி [1934] 1986). எம்எல்ஏ முறையில் உடற்பகுதி மேற்கோளில் ஆண்டே இல்லை, ஆசிரியர் பெயரும் பக்கமும் மட்டும். அதனால் அங்கே வாக்கியத்தில் சொன்னால்தான் உண்டு.

1962ஆம் ஆண்டின் பியாஜே விளக்கத்துக்கு மூல ஆண்டு எதுவும் போடவில்லை. அதுவும் பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்க்கப்பட்டதுதான், ஆனால் அந்த வெளியீட்டுக்காகவே எழுதப்பட்டது. அதற்கு முன் பிரெஞ்சில் வெளிவந்த வடிவம் என்று ஒன்று இல்லாதபோது காட்டுவதற்கு ஆண்டும் இல்லை. மொழிபெயர்ப்பு என்றாலே சாய்கோடு என்று ஆய்வாளர் முதலில் 1962/1962 என்று போட்டிருந்தார், அதை எடுத்துவிட்டோம்.

பியாஜேவின் 1959 பதிப்பில் இன்னொரு சிக்கல். அது விரிவாக்கப்பட்ட பதிப்பு, எனவே அதில் உள்ள எல்லாமே 1923இல் எழுதியவை அல்ல. 1923/1959 என்று போட்டுவிட்டால், பின்னால் சேர்த்த வரியும் 1923இல் இருந்ததாக ஆகிவிடும். ஆய்வாளர் எடுத்த பகுதிகள் தன்மையப் பேச்சை அறிமுகப்படுத்தும் தொடக்க இயல்களிலிருந்து வந்தவை என்பதால் 1923/1959 என்றே வைத்தோம். நூல் முதலில் குறிப்பிடப்படும் இடத்தில், மேற்கோள் காட்டுவது விரிவாக்கப்பட்ட மூன்றாம் பதிப்பை என்று ஒரு வாக்கியம் சேர்த்தோம். இதைவிடத் துல்லியமாகச் செய்ய பிரெஞ்சு முதல் பதிப்போடு ஒப்பிட வேண்டும், அது இந்த ஆய்வேட்டின் எல்லைக்கு வெளியே.

மொழிபெயர்ப்பாளர் யார் என்ற கேள்வி

1962 பதிவில் குழப்பமில்லை. தலைப்புப் பக்கமே ஹான்ஃப்மனும் வாக்கரும் பதிப்பித்து மொழிபெயர்த்தவர்கள் என்கிறது. 1986 பதிப்பில்தான் பேச வேண்டியிருந்தது. மொழிபெயர்ப்பைப் புதிதாகத் திருத்திப் பதிப்பித்தவர் கோசுலின் என்று அது சொல்கிறது. திருத்தியவர் மொழிபெயர்ப்பாளரா? முதலில் மொழிபெயர்த்தவர்களை விட்டுவிடலாமா?

ஆய்வாளர் மூவர் பெயரையும் போட விரும்பினார். நியாயமான விருப்பம்தான். ஆனாலும் பதிவில் கோசுலினை மட்டும் பதிப்பாசிரியராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் காட்டுவது என்று முடிவு செய்தோம். இந்தப் பதிப்பைத் தேடுகிறவருக்கு நூலகப் பட்டியலில் கிடைக்கும் பெயர் அதுதான், இதற்குமுன் இந்தப் பதிப்பை மேற்கோள் காட்டிய ஆய்வுகளும் பரவலாக அப்படித்தான் காட்டுகின்றன. முதல் மொழிபெயர்ப்பாளர்களுக்கு உரியதைக் கொடுக்க உடற்பகுதியில் ஒரு வாக்கியம் எழுதினோம்: ஹான்ஃப்மன், வாக்கர் ஆகியோரின் 1962 சுருக்க மொழிபெயர்ப்பைக் கோசுலின் திருத்தி விரிவாக்கிய பதிப்பு இது. பதிவின் அடைப்புக்குறிக்குள் வரலாற்றையெல்லாம் திணிக்கத் தேவையில்லை, சொல்ல வேண்டியதைச் சொல்ல உடற்பகுதி இருக்கிறது.

1962, 1986 இரண்டையும் பட்டியலில் வைத்திருக்க வேண்டுமா என்றும் நெறியாளர் கேட்டார். ஒரே நூல்தானே, ஒன்றை எடுத்துவிடலாம் என்பது அவர் எண்ணம். பெரும்பாலான மேற்கோள்களை 1986 பதிப்புக்கு மாற்றினோம். ஆனால் ஆய்வாளர் எடுத்திருந்த ஒரு மேற்கோளின் சொற்கள் 1962 பதிப்பில் இருந்தபடி 1986இல் இல்லை, திருத்தத்தில் வாக்கியம் மாறியிருந்தது. அந்த ஒன்றுக்காக 1962 பதிவும் நின்றது. ஒரு பதிப்பின் சொற்களை எடுத்துக்கொண்டு இன்னொரு பதிப்பின் பக்க எண்ணைக் கொடுப்பது மொழிபெயர்ப்பு நூல்களில் அடிக்கடி நடக்கிற தவறு. எதிரே நூலை வைத்துப் பார்க்காமல் இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

ஒரே மூலம் இல்லாத நூல்

மிகவும் நேரமெடுத்தது 1978ஆம் ஆண்டுப் பதிவு. குழந்தை தனியாகச் செய்யக்கூடியதற்கும் பெரியவர் துணையோடு செய்யக்கூடியதற்கும் இடையிலான தூரத்தை வைகாட்ஸ்கி அண்மை வளர்ச்சி மண்டலம் என்கிறார். அதன் வரையறைக்காக உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுவது இந்த நூலின் 86ஆம் பக்கம்தான். ஆய்வாளரும் அதைத்தான் காட்டியிருந்தார். சாய்கோட்டு முறை பிடிபட்ட உற்சாகத்தில் இதையும் 1934/1978 என்று மாற்றிக் கொண்டுவந்தார்.

அது தவறு. இந்த நூலுக்கு 1934 மூலம் கிடையாது. நூல் என்ற அளவில் மூலமே கிடையாது. மைக்கேல் கோல், வேரா ஜான்-ஸ்டைனர், சில்வியா ஸ்கிரிப்னர், எலன் சௌபர்மன் ஆகிய நால்வர் வைகாட்ஸ்கியின் வெவ்வேறு எழுத்துகளிலிருந்து தேர்ந்து, சேர்த்து, சில இடங்களில் விட்டு அமைத்த தொகுப்பு இது. சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பு அல்ல, தாங்கள் பதிப்பித்துத் தரும் வடிவம் என்று அவர்களே முன்னுரையில் வெளிப்படையாகச் சொல்கிறார்கள். எந்த இயல் எங்கிருந்து வந்தது என்பதும் அந்த முன்னுரையிலேயே இருக்கிறது. கற்றலும் வளர்ச்சியும் பற்றிய ஆறாம் இயல், வைகாட்ஸ்கி இறந்த பின் 1935இல் வெளிவந்த கட்டுரைத் தொகுதியிலிருந்து எடுத்தது. விளையாட்டு பற்றிய ஏழாம் இயலோ 1933இல் ஆற்றிய சொற்பொழிவு, ரஷ்ய மொழியில் அச்சில் வந்தது 1966இல்.

எனவே நூலை முழுதாகப் பதியாமல் ஆறாம் இயலைத் தனிப் பதிவாக்கினோம். 79 முதல் 91 வரையான பக்கங்கள், தொகுத்த நால்வர் பதிப்பாசிரியர்கள், கடைசியில் மூல ஆண்டு 1935. உடற்பகுதியில் (வைகாட்ஸ்கி, 1935/1978, ப. 86). தலைப்புப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் என்று யாரும் தனியாகச் சொல்லப்படாததால் அந்த இடத்தில் யார் பெயரையும் போடவில்லை. பதிப்பாசிரியர்களை மொழிபெயர்ப்பாளர் ஆக்கிவிடும் ஆசை வரும், அது செய்யக் கூடாது. வரையறையைத் தரும் பத்தியில் இது தொகுப்பாளர்கள் அமைத்த வடிவம் என்பதைச் சொல்லிவிட்டோம். பத்திக்கு அது அழகு சேர்க்கவில்லை என்று ஆய்வாளர் குறைப்பட்டார். இருக்கலாம். ஆனால் அந்த வரையறையின் ஒவ்வொரு சொல்லையும் பிரித்துப் பார்த்து அவர் வாதம் கட்டியிருந்தார். அப்படிக் கட்டுகிறவர், சொற்கள் எத்தனை கை மாறி வந்தன என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஏழாம் இயலையும் ஒரு இடத்தில் தொட்டிருந்தார். அங்கே மூல ஆண்டு 1933ஆ 1966ஆ? முறை கேட்பது மூலம் வெளியான ஆண்டை. அதனால் 1966/1978 என்று வைத்தோம். இறந்து 32 ஆண்டுகள் கழித்து எழுதியதுபோல அது தெரியும் என்பதால், ‘1933இல் ஆற்றிய சொற்பொழிவில்’ என்று வாக்கியத்தின் தொடக்கத்திலேயே சேர்த்தோம். எழுதிய ஆண்டும் வெளியான ஆண்டும் இப்படி விலகி நிற்கும்போது எந்தச் சாய்கோடும் உதவாது.

தமிழாக்கிய மேற்கோள்கள்

ஆய்வேடு தமிழில் இருந்ததால் இன்னொன்றும் வந்தது. ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்த வரிகளை ஆய்வாளரே தமிழாக்கி, இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தார். ஏற்கெனவே வெளியான ஒரு மொழிபெயர்ப்பை எடுத்தாளாமல் நாமே மொழிபெயர்த்தால், ஏபிஏ அதை நேர் மேற்கோளாகக் கொள்வதில்லை. பிறர் கருத்தை நம் சொல்லில் சொன்னதாகவே கொள்கிறது. அதனால் குறிகளை எடுத்துவிட்டு, ஆசிரியர் பெயரையும் ஆண்டுகளையும் பக்க எண்ணையும் மட்டும் வைத்தோம். ‘தமிழாக்கம்: ஆய்வாளர்’ என்று ஒவ்வொன்றிலும் போட்டிருந்ததும் போயிற்று. அதற்குப் பதில் முதல் இயலில் ஒரே ஒரு வாக்கியம்: ரஷ்ய, பிரெஞ்சு நூல்கள் ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாகவே பயன்படுத்தப்பட்டன.

பிறகு நடந்தது

இரண்டாம் இயலின் பாதிக்கு மேல் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. ‘தீராத விவாதம்’ என்ற முடிவும், வைகாட்ஸ்கி எதிர்த்தரப்பைக் கேட்கவில்லை என்ற குற்றச்சாட்டும் நீங்கின. அவற்றை நம்பி நின்ற ஆய்வுத் தேவையும் சாய்ந்தது. ஆய்வாளருக்கு இது சில வாரங்கள் பெரிய மனச்சோர்வாக இருந்தது என்று நெறியாளர் பிறகு சொன்னார். ஆனால் புதிய வரிசையிலிருந்து வேறொரு கேள்வி கிடைத்தது. 1934இல் சொன்ன கருத்து 1962 வரை பெரும்பாலான வாசகர்களுக்கு எட்டவே இல்லை, எட்டியபோதும் சுருக்கமாகத்தான் எட்டியது. அப்படியானால் அதன்பின் தன்மையப் பேச்சு பற்றி வந்த ஆய்வுகள் எந்த வைகாட்ஸ்கியைப் படித்துக் கொண்டிருந்தன? ஆய்வேட்டின் தேவை இப்போது இதன்மேல் நிற்கிறது. என் பார்வையில் பழையதைவிட இது உறுதியான அடித்தளம்.

புறத்தேர்வாளர்களில் ஒருவர் சாய்கோட்டு ஆண்டுகள் படிக்க இடைஞ்சலாக இருக்கின்றன, முதல் முறை மட்டும் போட்டால் போதாதா என்று குறிப்பெழுதினார். முறை அப்படி விலக்கு தரவில்லை என்று ஆய்வாளர் பதில் கொடுத்தார். கூடவே பழைய வரைவின் ஒரு பக்கத்தையும் இணைத்தார். குறிப்பு திரும்பப் பெறப்பட்டது. வாய்மொழித் தேர்வில் இதைப் பற்றி வேறு கேள்வி வரவில்லை.

இனி மாற்ற வேண்டியவை

குறிப்பு எடுக்கும் அட்டவணையில் ஆண்டுக்கு இரண்டு பத்திகள் வேண்டும்: மூலம் வெளியான ஆண்டு, கையில் உள்ள பதிப்பின் ஆண்டு. முன் ஆய்வுகளைக் கால வரிசையில் அடுக்கும்போது முதல் பத்தியை வைத்து அடுக்க வேண்டும், துணைநூற்பட்டியலுக்கு இரண்டாவதை. ஒரே ஆசிரியரின் நூல்கள் பட்டியலில் மொழிபெயர்ப்பு ஆண்டுப்படிதான் வரிசையாகும் என்பதால், பட்டியலைப் பார்த்து வரலாறு எழுதும் பழக்கமே ஆபத்தானது.

மேற்கோள் மென்பொருள் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். Zotero ஒரு நூலின் விவரத்தைத் தானாக இழுத்துக் கொள்ளும்போது மொழிபெயர்ப்பாளரை ஆசிரியர்களில் ஒருவராகவோ, பங்களித்தவராகவோ போட்டுவிடுவது உண்டு. பெயருக்குப் பக்கத்தில் உள்ள பொறுப்பை Translator என்று கையால் மாற்ற வேண்டும். மூல ஆண்டுக்குத் தனிப் புலம் கண்ணில் படாது. Extra என்ற பெட்டியில் ஒரு வரியாக எழுதினால் ஏபிஏ பாணி அதை எடுத்துக்கொள்ளும்:

```
Original Date: 1934
```

இதைப் போட்ட பிறகு உடற்பகுதியில் 1934/1986 என்று வருகிறதா, பட்டியலின் கடைசியில் மூல ஆண்டு வருகிறதா என்று ஒரு முறை பார்த்துவிட வேண்டும். வராவிட்டால் பெரும்பாலும் அந்த வரியின் எழுத்துப் பிழைதான் காரணம். லேடெக்கில் biblatex வைத்திருப்பவர்களுக்கு `translator`, `origdate` என்ற புலங்கள் இருக்கின்றன.

என் பக்கத்தில் மாறியது ஒன்று. மொழிபெயர்ப்பு நூல்கள் உள்ள ஆய்வேடு வந்தால், பட்டியலைத் திருத்தத் தொடங்கும் முன்பே தலைப்புப் பக்கங்களின் படங்களைக் கேட்டு வாங்கிவிடுகிறேன். ஆசிரியர் எப்போது இறந்தார் என்பதையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறேன். இறந்த ஆண்டுக்குப் பிந்தைய ஆண்டில் அவர் ‘எழுதினார்’, ‘பதிலளித்தார்’, ‘மாற்றிக்கொண்டார்’ போன்ற வினைகள் வரும் வாக்கியங்களைத் தேடினால், சரிபார்க்க வேண்டிய இடங்கள் பெரும்பாலும் அகப்பட்டுவிடுகின்றன. உயிரோடிருக்கும் ஆசிரியர்கள் விஷயத்தில் இந்தக் குறுக்குவழி உதவாது, அங்கே ஒவ்வொரு பதிவையும் நூலோடு வைத்துப் பார்க்கத்தான் வேண்டும்.